கடித உறையின் இடது மூலை

(உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த மாணவியருக்காக நமது சங்கம் அல்லைப்பிட்டியில் நடத்திய ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நானும் இந்த ஊரிலிருந்து பண்ணைப் பாலத்தால் பஸ்சில் போய்ப் படித்தவள்தான். பிறகு பல வருடங்கள் யாழ் நகரில் ஓர் அலுவலகத்தில் வேலைக்கு வரும் விண்ணப்பங்களைத் திறந்து பதிவு செய்யும் மேசையில் இருந்தேன். ஆளைத் தெரிவு செய்வது என் வேலை அல்ல. வந்ததைத் திறப்பதும், பெயரைப் பட்டியலில் ஏற்றுவதும்தான் என் வேலை. ஆனால் அந்தப் பட்டியலில் ஏறாத பெயர் நேர்முகப் பரீட்சைக்குப் போகாது.

ஒருநாள் பொது மின்னஞ்சல் பெட்டியைத் துப்புரவாக்கும்போது ஒரு விண்ணப்பம் கண்ணில் பட்டது. தலைப்பில் `Application` என்று மட்டும் இருந்தது. உள்ளே மூன்று படங்கள். ஒவ்வொன்றின் பெயரும் `IMG` என்று தொடங்கி `WA` என்ற எழுத்துகளோடும் ஏதோ இலக்கங்களோடும் முடிந்தது. திறந்து பார்த்தால் நம்முடைய பாடசாலைப் பிள்ளை. கேட்ட தகைமை எல்லாம் இருந்தது, தீவகத்தில் வேலை செய்த அனுபவமும் இருந்தது. ஆனால் நேர்முகம் முடிந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு அலுவலகம் ஒரு பதிலும் போடவில்லை. தான் தகுதி இல்லாதவள் என்றுதான் அவள் நினைத்திருப்பாள். இன்று நான் பேச வந்ததற்கு அந்தக் கடிதம்தான் காரணம்.

அம்மாமார் வேலைக்கு எழுதிய காலத்தை ஒருக்கால் நினைத்துப் பாருங்கள். வர்த்தமானி அறிவித்தலின் கீழ்ப்பகுதியில் ஒரு வரி இருக்கும்: கடித உறையின் இடதுபக்க மேல் மூலையில் விண்ணப்பிக்கும் பதவியின் பெயரைக் குறிப்பிட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பும் அந்த உறையின் மூலையை எல்லோரும் கவனமாக எழுதினார்கள். உறையைப் பிரிக்காமலே எந்தக் கட்டில் போடுவது என்று லிகிதர் அறிய வேண்டும், அதற்குத்தான் அந்த மூலை. இப்போது விளம்பரம் கேட்கும் தலைப்பு வரியும் அதே மூலைதான். ஒரு வித்தியாசம் உண்டு. மூலையில் எழுதாத உறையையும் யாரோ ஒருவர் கையால் பிரித்துப் பார்ப்பார். மின்னஞ்சலில் அந்த வேலையைப் பெரும்பாலும் ஒரு கட்டளை செய்கிறது. தலைப்பில் இந்தக் குறியீடு இருந்தால் இந்தக் கோப்புறைக்குள் போடு என்று பெட்டியில் முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். குறியீடு இல்லாத கடிதம் பொதுப் பெட்டியில், விளம்பரங்களோடும் பற்றுச்சீட்டுகளோடும் கிடக்கும்.

ஒரு விளம்பரத்தை எடுத்து நாங்களே செய்து பார்ப்போம். இது நான் உங்களுக்காக எழுதிக்கொண்டது. தீவகத்துக்கு ஒரு கள உத்தியோகத்தர் தேவை. தலைப்பு வரி `FO-ISL-02 / Full Name` என்று இருக்க வேண்டும். இணைப்புகள் மூன்று: `CV_FullName.pdf`, `Letter_FullName.pdf`, `Certificates_FullName.pdf`. மொத்த அளவு 5 எம்.பி.க்கு மேற்படக் கூடாது. விண்ணப்பிக்கும் பிள்ளையின் பெயர் மாலா, தகப்பன் பெயர் சிவம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் தலைப்பு. மாலா எழுத வேண்டியது `FO-ISL-02 / Sivam Mala` என்பதுதான். `FO ISL 2` என்று எழுதினால் மனிதருக்கு விளங்கும், கட்டளைக்கு விளங்காது. விளம்பரம் எழுத்தாக இருந்தால் அந்தக் குறியீட்டைப் பிரதி எடுத்து ஒட்டுங்கள். பத்திரிகையிலோ படமாகவோ வந்திருந்தால் கையால்தான் அடிக்க வேண்டும். அப்போது பூச்சியத்தையும் ஆங்கில `O` எழுத்தையும் மாறி அடிக்காமல் பாருங்கள். எனது மேசையில் மிக அதிகமாகக் கண்ட பிழை வேறு. தோழி அனுப்பிய விளம்பர மின்னஞ்சலையே திருப்பி அனுப்புவார்கள். தலைப்பில் `Fwd: Vacancy` என்று வந்து நிற்கும். அதற்குக் கீழே தோழிகள் தங்களுக்குள் எழுதிய கதை முழுவதும் தொங்கும். விண்ணப்பத்தை எப்போதும் புதிய மின்னஞ்சலாகவே தொடங்குங்கள்.

பெயர் என்பது எங்கள் ஆட்களுக்குத் தனித் தொல்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். முழுப்பெயர் கேட்டால் தேசிய அடையாள அட்டையில் இருக்கிற வரிசையிலேயே முழுவதையும் எழுதுங்கள். தலைப்பில் ஒரு வரிசை, கோப்பில் இன்னொரு வரிசை, சுயவிபரத்தில் கலியாணத்துக்குப் பிறகு வந்த பெயர் என்று இருந்தால், மூன்றும் ஒருவர்தான் என்பதை மேசையில் இருப்பவர் ஊகிக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் அக்காமாருக்கு இது இன்னும் பொருந்தும். சான்றிதழில் தகப்பன் பெயர், கடவுச்சீட்டில் கணவர் பெயர். கடிதத்தில் ஒரு வசனத்தால் அதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது கோப்புகளின் பெயர். இதை ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் பிழை விடமாட்டீர்கள். வந்த இணைப்புகள் எல்லாவற்றையும் நான் ஒரே கோப்புறைக்குள் இறக்குவேன். நாற்பது பேர் `CV.pdf` என்று அனுப்பினால் கணினி அவற்றுக்கு `CV (1).pdf`, `CV (2).pdf` என்று தானே பெயர் வைத்துவிடும். பிறகு யாருடையது எது என்று ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். ஆகவே மாலாவின் கோப்புகள் `CV_SivamMala.pdf`, `Letter_SivamMala.pdf`, `Certificates_SivamMala.pdf`. சிரிக்காதீர்கள், `CV_FullName.pdf` என்றே பெயர் வைத்து அனுப்பியவர்களையும் கண்டிருக்கிறேன். இன்னொன்று, தலைப்பில் வரும் சாய்கோட்டைக் கோப்பின் பெயருக்குள் போட முடியாது. விண்டோஸ் அதை ஏற்காது.

பெயரை மாற்றினால் கோப்பின் வகை மாறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேர்டில் செய்த கோப்புக்கு `.pdf` என்று பின்னொட்டுப் போட்டால் அது பீ.டி.எப். ஆகாது. பல கணினிகளில் பின்னொட்டு மறைந்திருக்கும். அதனால் உண்மையில் அதன் பெயர் `CV_SivamMala.pdf.docx` என்று போகும். பின்னொட்டுத் தெரிகிற கணினியில் மாற்றினால் அந்தக் கோப்பு மறுபக்கத்தில் திறக்கவே மாட்டாது. வேர்டிலேயே `Save As` என்பதற்குள் போய் பீ.டி.எப். வகையைத் தெரிந்து சேமிக்க வேண்டும்.

சான்றிதழ்களில்தான் அளவு எகிறுகிறது. தொலைபேசியால் எடுத்த ஒரு படம் 3, 4 எம்.பி. வரும். ஆறு சான்றிதழ் என்றால் 20 எம்.பி. அளவுக்கு வந்துவிடும். அதைக் குறைக்க வட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்ப எடுக்கிறார்கள். அளவு குறையும்தான், ஆனால் படம் நசுங்கிப் போகும், பாடங்களின் பெறுபேறு வாசிக்க முடியாது. `IMG`, `WA` என்ற அந்தப் பெயரும் அப்படித்தான் வருகிறது. கூகிள் டிரைவ் செயலியில் `Scan` என்று ஒன்று இருக்கிறது. அதனால் ஆறு பக்கத்தையும் அடுத்தடுத்து எடுத்தால் ஒரே பீ.டி.எப். ஆகச் சேமிக்கும். வாசல் வெளிச்சத்தில், நிழல் விழாமல் எடுங்கள். பிறகு மூன்று கோப்பின் அளவையும் கூட்டிப் பாருங்கள். 5 எம்.பி. கேட்டால் மூன்றரைக்குள் நிற்பது நல்லது. மின்னஞ்சலில் போகும்போது இணைப்புகள் வேறு வடிவத்துக்கு மாற்றப்பட்டு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெருக்கும். பெரிதாகிப் போனால் சில நிமிடத்தில் `Mail Delivery Subsystem` என்ற பெயரில் ஒரு கடிதம் திரும்பி வரும். அதை ஆங்கில விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள். உங்கள் விண்ணப்பம் போய்ச் சேரவில்லை என்பதுதான் அதன் பொருள். ஜிமெயிலில் 25 எம்.பி.யைத் தாண்டினால் கோப்புக்குப் பதிலாக டிரைவ் தொடுப்பு ஒன்று போகும். நீங்கள் அனுமதி கொடுக்காவிட்டால் மறுபக்கத்தில் அதைத் திறக்க முடியாது. அனுமதி கேட்டு உங்களுக்கு எழுத அந்த மேசையில் ஒருவருக்கும் நேரம் இருக்காது.

இடப்பெயர்வில் சான்றிதழ் தொலைத்த வீடுகள் இந்த ஊரில் பல. கையில் இல்லாத சான்றிதழுக்குப் பதிலாக வேறொன்றை அந்தப் பெயரில் இணைக்காதீர்கள். பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்திருந்தால், இன்ன திகதியில் விண்ணப்பித்திருக்கிறேன் என்று கடிதத்தில் எழுதுங்கள். அதை ஏற்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம். ஆனால் கேட்ட கோப்பு ஏன் குறைகிறது என்பது பட்டியலில் பதிவாகும்.

மின்னஞ்சலின் உள்ளே நீட்டி எழுத வேண்டாம். கடிதத்தைத் தனி இணைப்பாகக் கேட்டிருக்கிறார்கள், ஆகவே உள்ளே நாலு வரி போதும். மாலா இப்படி எழுதலாம்: “மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மணி, FO-ISL-02 கள உத்தியோகத்தர் பதவிக்கான எனது விண்ணப்பத்தை அனுப்புகிறேன். சுயவிபரம், கடிதம், சான்றிதழ்கள் என மூன்று கோப்புகள் இணைக்கப்பட்டுள்ளன. என்னைத் தொடர்புகொள்ள வேண்டிய தொலைபேசி இலக்கம் கீழே உள்ளது.” விளம்பரம் ஆங்கிலத்தில் என்றால் இதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

பலர் கொமியூனிகேசன் கடையில் கொடுத்து அனுப்புகிறார்கள். தட்டச்சு செய்விப்பதில் பிழை இல்லை. ஆனால் கடைக்காரத் தம்பி தன்னுடைய மின்னஞ்சலிலிருந்தே அனுப்பிவிடுவார். நேர்முகத்துக்கு அழைப்பு அவருக்குத்தான் போகும், உங்களுக்கு அல்ல. உங்கள் பெயரில் ஒரு கணக்கு வைத்திருங்கள், கடைக் கணினியில் அதைத் திறந்தால் வெளியேறிவிட்டு வாருங்கள்.

பெறுபவரின் முகவரியைக் கடைசியாகப் போடுங்கள். இணைப்பு முதலில், பிறகு தலைப்பு, பிறகு உள்ளடக்கம். முகவரி இல்லாத மின்னஞ்சல் கைதவறியும் போகாது. முதலில் உங்கள் முகவரிக்கே ஒன்று அனுப்பி, வேறொரு தொலைபேசியில் மூன்று கோப்பையும் திறந்து பாருங்கள். சரியானால் அதையே திருப்பி அனுப்பாமல் புதிதாக அனுப்புங்கள், `Fwd` மறக்க வேண்டாம்.

அனுப்பிய பிறகு பிழை தெரிந்தால்? ஜிமெயிலில் `Undo` என்பதை அமர்த்த அதிகபட்சம் 30 செக்கன் கிடைக்கும், அதுவும் அமைப்பில் கூட்டி வைத்திருந்தால். அது தாண்டினால், முடிவுத் திகதிக்கு முன் முழு விண்ணப்பத்தையும் அதே தலைப்போடு மறுபடி அனுப்புங்கள். முன்னையதற்குப் பதிலாக இதை ஏற்கவும் என்று முதல் வரியில் எழுதுங்கள். விடுபட்ட கோப்பை மட்டும் தனியாக அனுப்பினால் அது இன்னொருவரின் அரைவாசி விண்ணப்பம் போலத்தான் எங்களுக்குத் தெரியும்.

தலைப்பைச் சரியாகப் போட்டதற்காக ஒருவரும் வேலை தரமாட்டார்கள், திறந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். நான் சொன்ன மாதிரி விளம்பரத்தின் பிரதிகள் அந்த மேசையில் இருக்கின்றன. தொலைபேசி கொண்டுவந்த பிள்ளைகள் தேநீருக்குப் பிறகு என் முகவரிக்கு ஒன்று அனுப்புங்கள். எது எந்தப் பெட்டியில் விழுகிறது என்று இங்கேயே திறந்து காட்டுகிறேன்.