வாரம் 20 மணி நேரம் சரி, எந்த வாரம்?

யு.கே.யில மாஸ்டர்ஸ் படிக்கப் போறவங்க முதல்ல கேட்கிறது, "பார்ட் டைம் வேலை கிடைக்குமா?" என்றுதான். நிறைய பேர் மாட்டிக்கிறது வேலை கிடைச்ச பிறகு, மணிக் கணக்கில். அதனால இன்னைக்கு அந்தக் கணக்கை மட்டும் பார்ப்போம்.

டிகிரி லெவல் முழுநேரப் படிப்புன்னா, டேர்ம் நடக்கும்போது பொதுவா வாரத்துக்கு 20 மணி நேரம்தான். விசா கணக்குல வாரம்னா திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 24, அடுத்த வாரம் 16, சராசரி 20 என்றெல்லாம் சொல்ல முடியாது. அந்த 24 விதிமீறல்தான். ரெண்டு இடத்தில் வேலை பார்த்தால் ரெண்டையும் கூட்டணும்.

சிக்கல் எங்கே வருதுன்னா, கடைக்காரரோட சம்பள வாரம் வேற மாதிரி இருக்கலாம். ஒரு ரெஸ்டாரன்ட்டில் வெள்ளி முதல் வியாழன் வரை கணக்குன்னு வைங்க. முதல் வாரம் வெள்ளி-ஞாயிறு 8 மணி நேரம், திங்கள்-வியாழன் 12. அடுத்த வாரம் வெள்ளி-ஞாயிறு 12, திங்கள்-வியாழன் 8. ரெண்டு பேஸ்லிப்பிலும் அழகா 20 இருக்கும். ஆனா நடுவுல வர்ற திங்கள்-ஞாயிறைக் கூட்டுங்க: 12 + 12 = 24. மேனேஜருக்கே இது தெரியாம இருக்கலாம். விசா உங்களுடையது, அதனால ஒரு ஷீட்டில் நீங்களே திங்கள்-ஞாயிறு கணக்கு எழுதி வைங்க.

அடுத்தது கோடை. ஒரு வருட மாஸ்டர்ஸில் ஜூன் மாசம் கிளாஸ் முடிஞ்சுட்டா லீவுன்னு தோணும். இல்லை. டிசர்டேஷன் எழுதுற மாசங்களும் டேர்ம் டைம்தான், அதே 20 தான். இளநிலை படிக்கிற ரூம்மேட் ஜூலையில் ஃபுல் டைம் போறதைப் பார்த்து நீங்களும் கிளம்பிடாதீங்க. உங்க கோர்ஸின் டேர்ம் தேதிகளை யுனிவர்சிட்டியிடமிருந்து எழுத்தில் வாங்குங்க. வேலை கொடுக்கிறவரும் அதைக் கேட்பார்.

ஃபுட் டெலிவரி ஆப்? அதில் நீங்க ஊழியர் இல்லை, சுயதொழில் செய்பவர். ஸ்டூடன்ட் விசாவில் சுயதொழில் கூடாது, ஒரு மணி நேரம்கூட. வேறொருத்தர் அக்கவுன்ட்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது அதைவிட மோசம்.

யுனிவர்சிட்டிக்குள்ளேயே லைப்ரரி, ஸ்டூடன்ட் யூனியன், ஓபன் டே வேலைகளை முதல்ல தேடுங்க. பரீட்சை எப்போன்னு அவங்களுக்குத் தெரியும். நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் வராம வேலை தொடங்க முடியாதுன்னு சிலர் காத்திருப்பாங்க, gov.uk-ல எடுக்கிற ஷேர் கோடு மூலம் வேலை செய்யும் உரிமையைக் காட்டினாலே தொடங்கலாம்.

என் கருத்து, கான்ட்ராக்ட்டை 20-க்குப் போடாதீங்க, 16-க்குப் போடுங்க. அசைன்மென்ட் வாரத்தில் மூச்சு விடலாம். ஷிஃப்ட் ஒரு மணி நேரம் இழுத்தாலும் எல்லையைத் தாண்டாது. ஞாயிறு மதியம் மேனேஜர் போன் பண்ணி, "ஒருத்தர் வரலை, 6 மணி நேரம் வர்றியா?" என்பார். அந்த வாரம் ஏற்கெனவே 16 ஆகியிருந்தா, "இன்னைக்கு 4 மணி நேரம்தான் முடியும், மீதியை நாளைக்கு வர்றேன்"னு சொல்லுங்க. திங்கட்கிழமை புது வாரம்.