சம்பள ஸ்லிப் இல்லைன்னா என்ன, நம்ம நோட்டு இருக்கே!

(கம்மாபுரம் வட்டாரக் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கடன் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். இன்றைக்கு ஒரே ஒரு காகிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அது சம்பள ஸ்லிப்.

ஒரு நாள் ஒரு தங்கச்சி கடன் விண்ணப்பம் கொண்டு வந்தாங்க. நெய்வேலிப் பக்கம் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் மாதம் 25,000 ரூபாய் சம்பளம் என்று ஸ்லிப் இருந்தது. பிஎஃப் பிடித்தம்கூடப் போட்டிருந்தது. பாஸ்புக்கைத் திருப்பினேன். மாதா மாதம் 25,000 வரவு இருக்கிறது. ஆனால் கம்பெனி பெயரே இல்லை. எல்லாம் கவுண்டரில் ரொக்கமாகக் கட்டியது. மறுநாளே அந்தப் பணத்தை எடுத்தும் இருக்கிறார்கள். "ஏம்மா, சம்பளத்தை நீங்களே கொண்டு வந்து கட்டுவீங்களா?" என்று கேட்டேன். கண்ணில் தண்ணி வந்துவிட்டது. ஒரு புரோக்கர் இரண்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து கொடுத்தானாம்.

போலி ஸ்லிப் எப்படி மாட்டுகிறது என்று பலருக்குத் தெரியாது. ஸ்லிப்பை யாரும் தனியாகப் பார்ப்பதில்லை. பாஸ்புக்கில் கம்பெனி பெயரில் வரவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிஎஃப் பிடித்திருந்தால் 12 இலக்க யுஏஎன் எண் இருக்கணும். அதில் கம்பெனி பெயரும் மாதாமாதம் கட்டிய பணமும் தெரியும். வேலை செய்கிற இடத்துக்குப் போன் போடுவார்கள், ஆளும் அனுப்புவார்கள். ஸ்லிப்பில் இருக்கிற நம்பருக்கு மட்டும் பேச மாட்டார்கள். கம்பெனி நம்பரை வேறு வழியில் தேடி எடுத்துப் பேசுவார்கள். இன்னொன்று, பிள்ளை ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு வருமானச் சான்று, கடனுக்கு ஒரு ஸ்லிப் என்று கொடுத்தால், இரண்டும் ஒன்றையொன்று காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தத் தங்கச்சியின் விண்ணப்பம் திரும்பிப் போனது, அதோடு முடிந்தது. எல்லாருக்கும் அப்படி முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில், ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் செய்வது 336வது பிரிவு. போலி என்று தெரிந்தே அதை உண்மை ஆவணமாகக் கொடுப்பது 340வது பிரிவு. செய்தவருக்கு உள்ள தண்டனையே கொடுத்தவருக்கும். ஏழு வருஷம் வரை சிறை. "நான் செய்யலை, புரோக்கர்தான் செய்தான்" என்றால் எடுபடாது. விண்ணப்பத்தில் இருக்கிற கையெழுத்து நம்முடையது. புரோக்கர் பெயர் எங்கேயுமே இருக்காது.

சரி, மாட்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதுதான் பெரிய ஆபத்து. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம்மில் ஒரு வீடு. அக்கா தையல் தைக்கிறார். பொங்கல், தீபாவளி இரண்டு மாதம் 9,000. மற்ற பத்து மாதம் 3,500. வருஷத்துக்கு 53,000. மாடு கறக்கிற எட்டு மாதம், தீவனச் செலவு போக 4,000 வீதம் 32,000. வீட்டுக்காரர் கொத்தனார். ஒன்பது மாதம் 12,000, மழை மூன்று மாதம் 5,000. அது 1,23,000. மொத்தம் 2,08,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் சுமார் 17,300.

இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, வருஷம் மூன்று லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பது நுண்கடன். அதில் புருஷன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள் எல்லார் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கணும். பழைய கடன், புதுக் கடன் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதாவது, கூலி, பால், தையல் என்று வரும் வருமானத்தையே கணக்கில் எடுக்கிற விதி இது. இதற்குச் சம்பள ஸ்லிப் கட்டாயமில்லை.

நம்ம அக்காவுக்குப் பாதி 8,650. குழுக் கடன் தவணை 2,500 போனால், புதுத் தவணை அதிகபட்சம் 6,150. ஆனால் கார்த்திகை மழையில் என்ன வரும்? கொத்தனார் கூலி 5,000, தையல் 3,500, மாடு கறந்தால் 4,000. ஆக 12,500. அதனால் நான் சொல்வேன், 4,000 தவணைக்கு மேல் போகாதீங்க.

இதே அக்கா 25,000 சம்பளம் என்று ஸ்லிப் கொடுத்தால் 10,000 தவணை போடுவார்கள். கார்த்திகையில் 12,500 வரும். குழுத் தவணை 2,500, புதுத் தவணை 10,000. உலை வைக்க ஒரு ரூபாய் மிஞ்சாது. காகிதத்தில் இருந்த சம்பளம் தவணை கட்ட வராது, தங்கச்சி. பாதிக்கு மேல் போகக் கூடாது என்கிற வேலி நமக்காகப் போட்டது. போலி ஸ்லிப் அந்த வேலியை நாமே பிடுங்கிப் போடுகிற வேலை.

அப்போ நேர் வழி என்ன? முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, என்ன வேலை, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு. ஆறு மாதம் எழுதுங்க. பால் பணம், தையல் பணம் முடிந்தவரை உங்கள் கணக்கிலேயே வரட்டும். வருமானச் சான்று இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தையல், மாவு அரைப்பது மாதிரித் தொழிலுக்கு உத்யம் பதிவு udyamregistration.gov.in தளத்தில் இலவசம். அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீங்க. சின்னத் தொழிலுக்கு முத்ரா சிசு கடன் 50,000 வரை, அடமானம் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலே நம்ம குழு. 1992இல் நபார்டு குழு–வங்கி இணைப்பை ஆரம்பித்ததே, சம்பளச் சான்றும் சொத்தும் இல்லாத பெண்களுக்காகத்தான். குழுவைத் தரம் பார்க்கும்போது ஐந்து விஷயம்: தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுவது, கணக்கு எழுதுவது. பத்து லட்சம் வரை குழுக் கடனுக்கு அடமானம் கிடையாது. நம்ம தீர்மான நோட்டுதான் நம்ம சம்பள ஸ்லிப்.

பிள்ளைக்குச் சென்னையில் வீடு பார்க்கும்போதும் ஸ்லிப் கேட்பார்கள். ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், முந்தைய வீட்டுக்காரர் கொடுக்கிற கடிதம், சம்பளக்கார உறவினர் ஒருவரின் பொறுப்பு, இவற்றைக் காட்டிப் பேசுங்கள். ஒருவர் மறுத்தால் இன்னொரு வீடு கிடைக்கும். போலி ஸ்லிப் கொடுத்தால் எழுதின ஒப்பந்தமே உங்களுக்கு எதிராகப் போகும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நேர் வழியில் தொகை குறையும், நாளும் ஆகும். வீடு கட்ட ஐந்து லட்சம் ஒரே நாளில் கிடைக்காது.

யாராவது ஏற்கெனவே போலி ஸ்லிப் கொடுத்திருந்தால், கடன் இன்னும் வரவில்லை என்றால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடன் வாங்கியாச்சு என்றால் தவணையை விடாமல் கட்டுங்கள். இரண்டு பேருமே 15100க்குப் போன் பண்ணிச் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் அது இலவசம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நாற்பது பக்க நோட்டைக் கையோடு கொண்டு வாங்க. உட்கார்ந்து கணக்குப் போடலாம்.