தேத்தண்ணியும் கணக்கில் சேரும்: சீனிப் பரிசோதனைக்குப் போகும் முன்

(தோட்ட மாதர் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழு ஆற்றிய உரை)



இரத்தம் கொடுக்கப் போகும் நாளில் நாங்கள் செய்யும் சிறிய தவறுகள் முடிவையே மாற்றிவிடுகின்றன. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுத்து, பிறகு இரத்தம் எடுக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். கர்ப்பிணித் தாய்மாருக்கு இதைப் பெரும்பாலும் 24 முதல் 28 வாரங்களுக்குள் செய்கிறார்கள்.

எங்களில் ஒரு சகோதரிக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவருக்கு அப்போது 26 வாரம். சாப்பிடாமல் வரும்படி கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். காலை 5 மணிக்கு எழுந்து, வழக்கம்போல சீனி போட்டு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தார். “ஏதாவது சாப்பிட்டீங்களா?” என்று தாதி கேட்டபோது, “ஒன்றும் இல்லை மிஸ்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. லயத்தில் தேத்தண்ணியை யார் சாப்பாடு என்று சொல்கிறார்கள்? முதல் இரத்தத்தில் சீனி 98 என்று வந்தது. கர்ப்பிணிகளுக்கு வெறும் வயிற்றில் அது 92க்குக் கீழே இருக்க வேண்டும். சீனி வருத்தம் என்று பயந்து வீட்டுக்கு வந்து அழுதார். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் தேத்தண்ணிக் கதை வெளியே வந்தது. வேறொரு நாள் மறுபடி போக வேண்டியதாயிற்று. இரண்டு நாள் பேர் போனது.

ஆகவே முதலாவது விஷயம் இதுதான். வெறும் வயிறு என்றால் தண்ணீர் மட்டும். சாயத்தண்ணியும் கூடாது, சீனி போடாததும் கூடாது. பால், கோப்பி, இளநீர், பழச்சாறு எதுவும் வேண்டாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சுருட்டு, இனிப்பு மிட்டாய் எதுவும் வாயில் போடக் கூடாது. பச்சைத் தண்ணீரோ சுடுதண்ணீரோ தாராளமாகக் குடியுங்கள். தண்ணீர் குடிக்காமல் போனால் உடம்பு வரண்டு, நரம்பு கிடைப்பதும் கஷ்டமாகும்.

இரண்டாவது, எத்தனை மணி நேரம் என்பது. குறைந்தது 8 மணி நேரம், கூடினால் 14 மணி நேரம். நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் நல்லது என்று சிலர் நினைக்கிறார்கள். அது பிழை. இரவுச் சாப்பாட்டை 6 மணிக்கே முடித்துவிட்டு, காலையில் வரிசையில் காத்திருந்து 9 மணிக்கு இரத்தம் கொடுத்தால் 15 மணி நேரம் ஆகிவிடும். அதுவும் முடிவைக் குழப்பும். காலை 8 மணிக்கு இரத்தம் எடுப்பார்கள் என்றால், இரவு 8 மணியிலிருந்து 9 மணிக்குள் சாப்பிட்டு முடியுங்கள். கிளினிக்கில் தாமதம் ஆனாலும் கணக்குச் சரியாக இருக்கும்.

மூன்றாவது, சோதனைக்கு முந்திய மூன்று நாட்கள். சீனி கூடி வந்துவிடுமோ என்று பயந்து சோறும் ரொட்டியும் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மாவுச் சத்துக்குப் பழக்கம் குறைந்த உடம்பு, திடீரென்று குளுக்கோஸ் வந்ததும் திணறும். நோய் இல்லாதவருக்கும் அளவு கூடிக் காட்டலாம். எப்போதும் சாப்பிடுவது போலவே சோறு, ரொட்டி, கிழங்கு எல்லாம் சாப்பிடுங்கள். வேலையும் வழக்கம்போல செய்யுங்கள். காய்ச்சல், தொற்று ஏதாவது இருந்தால் முன்பே சொல்லுங்கள், வேறு நாளுக்கு மாற்றுவார்கள். மருந்து குடிக்கிறவர்கள் அந்த மருந்தையும் சொல்லுங்கள்.

இனி சோதனைக்கு வருவோம். முதலில் வெறும் வயிற்று இரத்தம். பிறகு 75 கிராம் குளுக்கோஸை ஏறத்தாழ 250 முதல் 300 மில்லிலீட்டர் தண்ணீரில் கரைத்துத் தருவார்கள். 75 கிராம் என்பது நிறுத்து எடுக்கும் அளவு, வீட்டுக் கரண்டியால் அளப்பதல்ல. குளுக்கோஸ் பக்கெட் வாங்கி வரச் சொன்னால் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள், நீங்களாகக் கரைக்க வேண்டாம். 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். கடும் இனிப்பு, சிலருக்குக் குமட்டும். வாந்தி வந்தால் மறைக்காதீர்கள். குளுக்கோஸ் வெளியே போய்விட்டால் அந்தச் சோதனை செல்லாது, இன்னொரு நாள் செய்ய வேண்டும்.

குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடும். 8.10க்கு முதல் மிடறு என்றால் கர்ப்பிணிக்கு 9.10க்கு ஒரு இரத்தம், 10.10க்கு இன்னொரு இரத்தம். மற்றவர்களுக்குப் பொதுவாக வெறும் வயிற்று இரத்தமும் 10.10 இரத்தமும் மட்டும்தான். அந்த நேரத்தைக் கையிலோ துண்டுக் கடதாசியிலோ எழுதிக்கொள்ளுங்கள். நேரம் நெருங்கியதும் நீங்களே தாதியிடம் போய் நினைவூட்டுங்கள். இந்த இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். கடைக்கு நடப்பது, படி ஏறுவது, புகைப்பது எதுவும் கூடாது. நடந்தால் தசைகள் இரத்தத்திலுள்ள சீனியை எடுத்துக்கொள்ளும். அளவு குறைந்து, இருக்கிற நோய் மறைந்துவிடும். பிந்தி இரத்தம் கொடுத்தாலும் அப்படித்தான்.

அந்தச் சகோதரியிடம் திரும்புவோம். இரண்டாம் முறை சரியாகப் போனார். வெறும் வயிற்றில் 86, ஒரு மணி நேரத்தில் 168, இரண்டாம் மணி நேரத்தில் 161. கர்ப்பிணிகளுக்கு எல்லை வரிசையாக 92, 180, 153. ஒன்று எட்டினாலும் போதும். ஆக அவருக்கு உண்மையாகவே கர்ப்பகாலச் சீனி இருந்தது. வெறும் வயிற்றில் சீனி என்று தேத்தண்ணி சொன்னது பொய், இரண்டாம் மணி நேரம் சொன்னதுதான் மெய். அந்த நேரத்தில் பஸாருக்கு நடந்து வந்திருந்தால் 161 என்பது 153க்குக் கீழே இறங்கியிருக்கலாம். தெரியாமல் விட்டிருந்தால் பிள்ளை அளவுக்கு மீறிப் பருத்து, பிரசவம் கஷ்டமாகி, பிறந்ததும் பிள்ளைக்குச் சீனி இறங்கும் ஆபத்து இருந்தது. சாப்பாட்டை மாற்றி, இரத்தத்தைத் தொடர்ந்து பார்த்து, பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. பிரசவித்து 6 வாரத்துக்குப் பிறகு இதே சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள்.

மற்றச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். வெறும் வயிற்றுச் சீனிக்கும் மேலே சொன்ன அதே பட்டினிதான். சீனி மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், காலை மருந்தை இரத்தம் கொடுத்த பின் சாப்பாட்டோடு எடுங்கள். ரொட்டியைக் கையில் கொண்டு போங்கள். காத்திருக்கும்போது வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். அப்போது பட்டினி முக்கியமில்லை, உயிர்தான் முக்கியம். கொழுப்புச் சோதனைக்குச் சில இடங்களில் 9 முதல் 12 மணி நேரப் பட்டினி கேட்பார்கள், சில இடங்களில் கேட்பதில்லை. துண்டு கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்ட பின் பார்க்கும் சீனிக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரத்தில் இரத்தம் கொடுக்க வேண்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்குப் பட்டினி வேண்டாம். ஆனால் இரத்தச் சோகை இருந்தால் அது பிழையாகக் காட்டலாம் என்பதால், சோகை உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். சோகை பார்க்கும் முழு இரத்தப் பரிசோதனைக்கும் பட்டினி தேவையில்லை. அதற்காக யாரும் சாப்பிடாமல் மலைக்கு ஏறி மயங்கி விழ வேண்டாம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். குளுக்கோஸ் சோதனை அரை நாளைத் தின்றுவிடும், இடையில் மலைக்குத் திரும்ப முடியாது. ஆகவே துண்டு கிடைத்த அன்றே கிளினிக் அட்டையோடு தோட்டத் தலைவியிடம் வாருங்கள். கணக்கப்பிள்ளையிடம் முன்கூட்டியே பேசுவது எங்கள் வேலை. காலையில் தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைக்கும் முன், இரத்தம் கொடுக்கப் போகிறவர் யார் என்று வீட்டில் ஒருவர் நினைவூட்டுவது உங்கள் வேலை.