வட்டியில்லாத் தவணையும் ரொக்க விலையும்



கார்த்திகை தீபத்துக்குச் சில நாட்கள் முன்பு அக்கா மகளோடு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கப் போனேன். திருவண்ணாமலையில் தேரடி வீதிப் பக்கம் ஒரு கடை. கண்ணாடிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தார்கள்: "வட்டியே இல்லை, 6 மாதத் தவணை". அவள் விரும்பிய ஃபிரிட்ஜில் தொங்கிய அட்டையில் விலை 30,000 ரூபாய். மாதம் 5,000 வீதம் ஆறு மாதம் கட்டினால் கணக்கு தீர்ந்தது. ஐந்தாறு முப்பது, ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக இல்லை. அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நான் தவணைப் பேச்சையே எடுக்காமல் கடைத் தம்பியைத் தனியே கேட்டேன். "தம்பி, இப்பவே மொத்தமா ரொக்கம் கொடுத்தா கடைசி விலை என்ன?" அவர் கால்குலேட்டரைத் தட்டிவிட்டு, "28,200-க்கு முடிச்சுடலாம் சார்" என்றார். "அதே 28,200-ஐ ஆறாப் பிரிச்சுத் தருவீங்களா?" என்றேன். "இல்ல சார், தவணைக்கு அந்தத் தள்ளுபடி வராது" என்றார்.

இன்றைய பேச்சு முழுவதும் அந்த 1,800 ரூபாயைப் பற்றித்தான். ரொக்கமாக வாங்குகிறவருக்குக் குறைகிற பணம், தவணையில் வாங்குகிறவருக்குக் குறையவில்லை. அப்படியென்றால் பொருளின் உண்மையான விலை 28,200. மீதி 1,800 அந்த விலையைக் கடனாக வாங்கியதற்கான வட்டி. வட்டி என்ற பெயரில் அது எந்தத் தாளிலும் வராது. வர வேண்டிய தள்ளுபடி வராமல் போவதுதான் அதன் வடிவம்.

"28,200-க்கு 1,800 என்றால் ஆறு சதவீதம்தானே, பெரிதில்லை" என்று தோன்றும். ஆனால் ஆறு மாதமும் நாம் 28,200 ரூபாயை வைத்திருக்கவில்லை. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை ஆறாகப் பிரித்தால் 4,700. முதல் மாதம் நம் கையில் இருக்கும் கடன் 28,200, அடுத்த மாதம் 23,500, பிறகு 18,800, 14,100, 9,400, கடைசி மாதம் 4,700. ஆறையும் கூட்டினால் 98,700. ஆக, 98,700 ரூபாயை ஒரே ஒரு மாதம் வைத்திருந்ததற்கு 1,800 ரூபாய் வட்டி. நூறு ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய் 82 காசு. நம் ஊர்ப் பேச்சில் ஒன்றே முக்கால் வட்டிக்கும் மேலே. ஆண்டுக்குச் சுமார் 22 சதவீதம். இது சற்றுத் தோராயமான கணக்குதான். ஆனால் கடை வாசலில் நின்று முடிவெடுக்க இது போதும்.

சில இடங்களில் முதல் தவணையைக் கடையிலேயே கட்டச் சொல்வார்கள். அப்போது நாம் உண்மையில் வாங்கிய கடன் 23,200 மட்டுமே, அதுவும் ஐந்து மாதத்துக்கு. வட்டியோ அதே 1,800. முன்போலக் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு 2 ரூபாய் 60 காசு அளவுக்கு ஏறிவிடுகிறது. அதோடு 500 ரூபாய் ஃபைல் சார்ஜ், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று 590 ரூபாய் சேர்ந்தால், ஏறக்குறைய மூன்றரை வட்டி. வட்டியே இல்லை என்ற ஸ்டிக்கருக்குக் கீழேதான் இவ்வளவும் நடக்கிறது.

ரிசர்வ் வங்கி இதை நீண்ட நாட்களுக்கு முன்பே கவனித்திருக்கிறது. பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. பொருளின் விலையில் தள்ளுபடி இருந்தால், அந்தக் குறைந்த விலைக்குத்தான் கடன் தர வேண்டும், தள்ளுபடியைக் காட்டி வட்டியைக் குறைத்ததாகச் சொல்லக் கூடாது என்றும் அதில் சொன்னது. 2022-இல் கிரெடிட் கார்டுகளுக்கான நெறிமுறை வந்தது. தவணையாக மாற்றும்போது அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அந்த வட்டியை ஈடுகட்ட முன்கூட்டியே கொடுத்த தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்ட வேண்டும், கார்டு பில்லிலும் அப்படியே காட்ட வேண்டும் என்கிறது அது.

அதனால் கார்டில் எடுத்தால் கணக்கு இன்னொரு விதமாகத் தெரியும். வங்கியின் வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 5,000 வர வேண்டுமென்றால் கடன் தொகை சுமார் 28,648 ரூபாய். 30,000-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 1,352. அதைத் தயாரிப்பாளரோ கடையோ தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்கள், வங்கி அதை வட்டியாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. முதல் மாதப் பில்லில் அசல் 4,618, வட்டி 382 என்று பிரித்துப் போட்டிருக்கும். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 69 ரூபாய் தனியாக வரும். ஆறு மாதத்தில் ஜிஎஸ்டி மட்டும் 244 ரூபாய் அளவுக்கு ஆகிறது. இதைத் தள்ளுபடி ஈடுகட்டுவதில்லை. நம் பாக்கெட்டிலிருந்துதான் போகும். செயல்பாட்டுக் கட்டணம் இருந்தால் அது வேறு.

இந்த 1,352 தள்ளுபடியைப் பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது. அது உண்மையிலேயே தயாரிப்பாளர் தன் லாபத்திலிருந்து கொடுத்ததா, அல்லது ரொக்க வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற தள்ளுபடியையே இந்தப் பக்கம் திருப்பிவிட்டதா என்று கார்டு பில் சொல்லாது. நிதி நிறுவனத்தின் கவுண்டரில் கடன் எடுத்தாலும் இதே நிலைதான். 2024 அக்டோபர் முதல் சில்லறைக் கடன்களுக்கு நாம் புரிந்துகொள்ளும் மொழியில் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும். கட்டணங்களையும் சேர்த்து ஆண்டு வட்டி எவ்வளவு என்று அதில் ஒரு வரி இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்த வரியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதமில்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. ஆனால் அந்த அறிக்கை பார்ப்பது கடன் தொகையை மட்டும்தான். அட்டை விலையிலிருந்து நமக்குக் குறைக்காமல் விட்ட 1,800 அதன் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டுவது ரொக்க விலை ஒன்றுதான். அதனால்தான் தவணையைப் பற்றி வாய் திறக்கும் முன்பு ரொக்க விலையைக் கேட்க வேண்டும் என்கிறேன். ஒரே மாடல் எண்ணைச் சொல்லி இரண்டு கடைகளில் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

நேர்மையாகச் சொன்னால், எல்லாத் தவணையும் இப்படியில்லை. புதிய மாடலை விற்கவோ, தேங்கிய சரக்கைத் தள்ளவோ தயாரிப்பாளரே வட்டியை ஏற்றுக்கொள்கிற நாட்கள் உண்டு. அப்போது ரொக்கத்துக்கும் தவணைக்கும் ஒரே விலை சொல்வார்கள், ரொக்கமாகக் கொடுத்தாலும் குறைக்க மாட்டார்கள். ஜிஎஸ்டியும் கட்டணமும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கினால் அந்தத் தவணையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

பில்லில் வட்டியைப் பிரித்துக் காட்டவில்லை, சொல்லாத கட்டணம் பிடித்திருக்கிறார்கள் என்றால் முதலில் அந்த வங்கிக்கோ நிதி நிறுவனத்துக்கோ எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448. கடைக்காரர் மீதான குறைக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

அக்கா மகள் அன்று ஃபிரிட்ஜ் எடுக்கவில்லை. அவளுடைய மகளிர் சுய உதவிக் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அதே 28,200-ஐ அங்கே வாங்கி ஆறு மாதத்தில் அடைத்தால் வட்டி 987 ரூபாய். பௌர்ணமிக்கு மறுநாள் குழுக் கூட்டத்தில் பணம் வாங்கி, அதே கடையில் ரொக்கமாகக் கட்டினாள். பில்லில் 28,200 என்று எழுதியிருந்தது.