பன்னிரண்டு குப்பி

ஒரு வட்டார மருத்துவமனையின் மருந்துக் கிடங்கு. பதிவேட்டில் பாம்புக்கடி விஷமுறிவு மருந்து 12 குப்பி இருப்பு. இது போதுமா?

விஷம் ஏறியவருக்கு முதலிலேயே 8 முதல் 10 குப்பி ஏற்றுவார்கள். ஆறு மணி நேரம் கழித்தும் ரத்தம் உறையாவிட்டால் மறுபடியும் அதே அளவு. ஒருவருக்கே 20 வரை போய்விடும். அப்படிப் பார்த்தால் 12 என்பது இருப்பே இல்லை. இருவருக்கு 40 என்று வைத்துக்கொண்டு, வண்டி வந்துசேரும் நாட்களையும் கணக்கிட்டு, அதற்குக் கீழே இறங்கும் முன்பே கேட்டு எழுதவேண்டும்.

சரி, யாரும் கடிபடாத மாதங்களில் அந்த 40-ம் காலாவதியை நெருங்குமே? புதிதாக வந்த பெட்டியின் தேதி பழையதைவிட முந்தியும் இருக்கலாம். அதனால் வந்த வரிசையைப் பார்க்காமல், தேதி முந்தியதை முன்னால் அடுக்குவார்கள். ஆறு மாதம் மீதமிருக்கும்போதே, பாம்புக்கடி அதிகம் வரும் பெரிய மருத்துவமனைக்குக் கொடுத்து, நீண்ட தேதி உள்ளதை மாற்றிக்கொள்ளலாம். கடைசி மாதத்தில் கொண்டுபோனால் அவர்களும் வாங்கமாட்டார்கள், நியாயம்தானே!

ஏமாற்றுவது அவசரப் பிரிவு அலமாரிதான். கிடங்குக் கணக்கில் அங்குள்ள குப்பிகள் 'வழங்கப்பட்டவை'. அலமாரியிலோ தேதி கடந்து உட்கார்ந்திருக்கும். மாதம் ஒருமுறை கிடங்காளர் அங்கே நேரில் போய்த்தான் எண்ணவேண்டும்.