பந்து கைக்கு வந்தபோது கால் எங்கே நின்றது?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



பாடசாலையின் புதிய கைநூலில் வலைப்பந்தாட்ட விதிகள் இரண்டு பக்கத்தில் வரவேண்டும், அதை நீங்கள் எழுதித் தாருங்கள் என்று உடற்கல்வி ஆசிரியை கேட்டபோது நான் உடனே ஒத்துக்கொண்டேன். ஆறு வருடம் பாடசாலை அணியில் விளையாடியவள், அதில் நான்கு வருடம் கோல் அற்றாக். எனக்குத் தெரியாத விதியா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று கிழமை சென்றது. அந்த மூன்று கிழமையில், இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக நான் பிழையாக விளங்கி வைத்திருந்த ஒரு விடயம் வெளியே வந்தது. இன்று அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் பெருமைக்குரிய ஒரு செய்தி. இந்த விளையாட்டு இங்கிலாந்தில் பிறந்தது. நாட்டுக்கு நாடு வேறு வேறு விதியோடு ஆடப்பட்டது. 1960இல் பல நாட்டுப் பிரதிநிதிகள் கூடி ஒரே விதித் தொகுப்பை ஏற்றுக்கொண்டது நம் இலங்கையில்தான். ஆகவே விதியைத் தெரியாமல் விளையாடுவது எங்களுக்கு அழகல்ல.

ஆடுகளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். குறுக்கே இரண்டு கோடு போட்டால் மூன்று சம பகுதிகள். இரு அந்தத்திலும் கோல் கம்பத்தைச் சுற்றி 4.9 மீற்றர் ஆரையில் ஓர் அரைவட்டம். அதுதான் கோல் வட்டம். ஏழு பேர். யார் எங்கே போகலாம் என்பதை நெஞ்சிலும் முதுகிலும் கட்டிய எழுத்தே சொல்லிவிடும். கைநூலில் இதை அட்டவணையாகப் போட்டுப் பார்த்தேன், என் மகளுக்கே பாடமாகவில்லை. பிறகு இப்படி மாற்றினேன். சென்ரர் மூன்று பகுதிக்கும் போகலாம், இரண்டு கோல் வட்டத்துக்குள்ளும் போகக்கூடாது. கோல் சூட்டரும் கோல் கீப்பரும் தங்கள் தங்கள் கோல் உள்ள ஒரு பகுதியோடு சரி, ஆனால் அங்குள்ள வட்டம் அவர்களுடையது. கோல் அற்றாக்கும் கோல் டிபென்ஸும் தங்கள் கோல் பகுதி, அதன் வட்டம், அதோடு நடுப்பகுதி. விங் அற்றாக்கும் விங் டிபென்ஸும் அவர்களைப் போலவேதான், வட்டம் மட்டும் இல்லை. ஆக ஒரு கோல் வட்டத்துக்குள் நான்கு பேருக்கு மேல் நிற்கவே முடியாது: போடுபவர் இருவர், தடுப்பவர் இருவர்.

கோடு யாருக்குச் சொந்தம் என்று பிள்ளைகள் எப்போதும் கேட்பார்கள். குறுக்குக் கோடு இரண்டு பக்கத்துக்கும் சொந்தம். வட்டக் கோடு வட்டத்தின் ஒரு பகுதி. அதனால் விங் அற்றாக் வட்டக் கோட்டை மிதித்தாலே பிழை. ஆனால் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பந்தை எடுக்கலாம். உடம்பு உள்ளே நிலத்தில் படாதவரை பிழையில்லை.

கோல் போடக்கூடியவர்கள் இருவர்தான், கோல் சூட்டரும் கோல் அற்றாக்கும். எங்கள் காலத்தில் ஒரு சிறு பிள்ளை, சென்ரர், வட்டத்துக்கு வெளியே நின்று எறிந்த பாஸ் வளையத்துக்குள்ளாலேயே போய் விழுந்தது. மைதானமே கைதட்டியது. கோல் இல்லை. விசிலும் இல்லை, ஆட்டம் அப்படியே தொடரும், விழுந்த பந்தை யாரும் எடுக்கலாம். கைதட்டிய நேரத்தில் மற்ற அணியின் கோல் கீப்பர் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்! மாறாக, கோல் சூட்டர் எறிந்த பந்து தடுப்பவளின் கையில் பட்டு உள்ளே விழுந்தால் அது கோல்தான்.

இனி என் கதை. தொண்ணூறுகளில் ஓர் இறுதிப் போட்டி, கடைசிக் கால்பகுதி. ஒரு கோலால் பின்னிற்கிறோம். புழுதி மைதானம், சுண்ணாம்புத் தூளால் போட்ட கோடு. கடைசிக் கால்பகுதியில் அது பாதி அழிந்திருந்தது. எங்கள் விங் அற்றாக் வட்டத்தின் ஓரத்துக்குப் பந்தை எறிகிறாள். நான் ஓடிவந்து பிடிக்கிறேன். வலக்கால் நிலத்தில். இடக்காலை முன்னே வைத்து, வலக்காலைத் தூக்கி, அது திரும்ப நிலத்தில் படுமுன் பந்தை விட்டுவிட்டேன். வளையத்தைத் தொடாமல் விழுந்தது. விசில். கோல் இல்லை, எதிரணிக்கு சுயாதீனப் பாஸ். ஒரு கோலால் தோற்றோம்.

நான் அழுதேன், கத்தினேன். மத்தியஸ்தர் பாத அசைவுப் பிழை பிடித்தார் என்றுதான் நினைத்தேன். என் பாத அசைவில் பிழை இல்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதில் நான் சொன்னது முழுக்கச் சரி என்பதுதான் வேடிக்கை.

பாத அசைவு விதியை எங்களுக்கு "பந்தோடு காலை அசைக்காதே" என்றுதான் சொல்லித் தந்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். விதி அதுவல்ல. பந்தைப் பிடிக்கும்போது நிலத்தில் நின்ற கால், அல்லது பிடித்தபின் முதலில் நிலத்தைத் தொட்ட கால், இறங்கிய கால். மற்றக் காலை எந்தத் திசையிலும் வைக்கலாம். இறங்கிய காலை மையமாக வைத்து எத்தனை தடவையும் திரும்பலாம். இறங்கிய காலைத் தூக்கவும் செய்யலாம். திரும்ப நிலத்தில் வைக்குமுன் பந்து கையைவிட்டுப் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். இழுக்கக்கூடாது, ஒற்றைக்காலில் கெந்தக்கூடாது. இரண்டு காலும் ஒன்றாக இறங்கினால் எதை இறங்கிய காலாக வைப்பது என்பது உங்கள் விருப்பம். இவ்வளவும் மூன்று செக்கனுக்குள். தடுப்பவள் நிற்கவேண்டிய 0.9 மீற்றர் தூரத்தையும் இறங்கிய காலிலிருந்துதான் அளப்பார்கள்; அதைத் தூக்கிவிட்டால், அது நின்ற இடத்திலிருந்து.

இதன்படி பார்த்தால் நான் செய்தது சரி. கோல் அற்றாக் வட்டத்துக்குள் போகலாம், அதுவும் சரி. கோல் போடவும் எனக்கு அனுமதி உண்டு. பிறகு எங்கே பிழை?

கைநூலுக்காக விதிப் புத்தகத்தை விரித்து எழுதிக்கொண்டிருந்த ஓர் இரவில் அந்த வரியில் பேனை நின்றது. கோலுக்கு எறிபவர் பந்தைப் பிடிக்கும்போதோ வைத்திருக்கும்போதோ வட்டத்துக்கு வெளியே நிலத்தைத் தொட்டிருக்கக்கூடாது. எறியும்போது மட்டுமல்ல, பிடிக்கும்போதும். நான் எறிந்தபோது வட்டத்துக்குள்ளேதான் இருந்தேன். பிடித்தபோது என் வலக்கால் வெளியே நின்றது.

மேசையிலிருந்து எழும்பி, அறைத் தரையில் என் மகளின் சோக்கினால் ஒரு வளைகோடு போட்டு, அந்தப் பந்தைத் திரும்பவும் பிடித்துப் பார்த்தேன். ஒரே இடம், ஒரே பந்து, மூன்று முடிவுகள். வலக்கால் கோட்டில் பட்டபடி பிடித்திருந்தால், கோடு வட்டத்துடையது, கோல் சரி. வலக்காலால் உந்தி எழும்பி, இரு காலும் காற்றில் இருக்கும்போது பிடித்து, உள்ளே இறங்கியிருந்தால், பிடித்த நேரம் வெளியே நிலத்தில் எதுவும் இல்லை, அதுவும் சரி. அரை அடி முந்தி எழும்பியிருந்தால் போதும். நான் செய்ததோ மூன்றாவது. அப்படிப் பிடித்துவிட்டால் வழியே இல்லையா? உண்டு. உள்ளே நிற்கும் கோல் சூட்டருக்குக் கொடுத்துவிட்டு, வட்டத்துக்குள் போய்த் திரும்ப வாங்கி எறியலாம். எங்கள் கோல் சூட்டர் அன்று கம்பத்தடியில் கையை உயர்த்திக்கொண்டு நின்றவள். பாவம், நான் அவளைப் பார்க்கவே இல்லை.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் கோல் சூட்டராக நின்று, 2018இல் சிங்கப்பூரில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இரண்டு மீற்றருக்கு மேல் உயரம், வளையமே 3.05 மீற்றர்தான். அவர் வட்டத்துக்குள் நின்று உயரே பிடித்தார், எறிந்தார். இந்த ஓரத்துச் சிக்கல் பெரும்பாலும் ஓடிவந்து நுழையும் கோல் அற்றாக்குக்கு உரியது.

இனி வைத்தியராக ஒன்று சொல்ல வேண்டும். "காலை அசைக்காதே" என்ற பாடம் முழங்காலைக் கெடுக்கிறது. விசிலுக்குப் பயந்த பிள்ளை உள்ளங்கால் முழுவதையும் நிலத்தில் பதித்து, முழங்காலை நேராக விறைப்பாக வைத்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே மட்டும் திரும்புகிறாள். சீமெந்துத் தரையில் இறப்பர்ச் சப்பாத்து வழுக்காது. பாதம் நிற்கிறது, உடம்பு திரும்புகிறது, இடையில் இருப்பது முழங்கால். யாரும் இடிக்கவில்லை, "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டது என்பார்கள். சில மணித்தியாலத்துக்குள் முழங்கால் வீங்கிவிடும். அப்படி வந்தால் எண்ணெய் பூசி உருவ வேண்டாம், அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். உள்ளேயுள்ள முன் குறுக்கு இணையம் கிழிந்திருக்கக்கூடும். அந்தப் பிள்ளை அதே கிழமை திரும்ப விளையாடினால் பக்கத்திலுள்ள குருத்தெலும்பும் சேர்ந்து போய்விடக்கூடும்.

ஆகவே கைநூலில் விதியின் கீழேயே இதையும் எழுதியிருக்கிறேன். முழங்காலை மடித்து இறங்குங்கள், குதிக்காலைச் சற்றுத் தூக்கி முன்பாதத்தில் திரும்புங்கள், காலைத் தூக்க விதி இடம் தருகிறது, பயப்படாதீர்கள். ஆசிரியைகளிடம் ஒரு வேண்டுகோள்: பயிற்சியில் பாத அசைவுக்கு விசில் ஊதும்போது எந்தக் கால், எங்கே என்று சொல்லி ஊதுங்கள். வட்டத்தின் ஓரத்தில் ஊதினால் எந்த விதி என்றும் சொல்லுங்கள். எனக்கு அன்று யாராவது சொல்லியிருந்தால்…

ஒருத்தி சொன்னாள். எங்கள் விங் அற்றாக். அன்று பஸ்ஸில் வரும்போது, "உன்ர வலக்கால் வெளியிலதானடி நிண்டது" என்றாள். தான் எறிந்த பந்தைக் குறை சொல்லாமல் இருக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்து, அந்தத் தவணை முழுக்க நான் அவளோடு கதைக்கவில்லை. அடுத்த தவணை அவள் குடும்பம் கொழும்புக்குப் போனது, பிறகு கனடா. கலியாணங்களுக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறோம். அந்தப் போட்டியைப் பற்றி மட்டும் ஒருநாளும் பேசியதில்லை.

அந்த இரவே ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே மத்தியானம். "நீ சொன்னது சரியடி, என்ர கால் வெளியில" என்றேன். எந்தக் கால், எந்தப் போட்டி என்று அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு, "நான் எறிஞ்சதும் கொஞ்சம் கட்டைதான். இன்னும் ஒரு அடி உள்ளுக்கு விட்டிருக்கலாம்" என்றாள்.

கைநூலின் படத்தில், வட்டத்தின் ஓரத்தில் இரண்டு பாத அடையாளங்கள் போட்டிருக்கிறேன். வெளியே நிற்பது வலக்கால்.