தொண்டையில் எலும்பு என்று கையை விடாதீர்கள்

(கொட்டாஞ்சேனையில் தோட்டத்துப் பிள்ளைகள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைக் கடைகளில் வேலை செய்யும் உங்களுக்குத் தெருநாயும் தெரியும், ஊரில் லயத்து மாட்டுப்பட்டியும் தெரியும். இரண்டுக்கும் பொதுவான விசர் நோயைப் பற்றிச் சொல்லப் போகிறேன். 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் நோய் இன்னும் ஒழியவில்லை.

விசர் என்றதும் ஓடி ஓடிக் கடிக்கும் நாய்தான் நமக்கு ஞாபகம் வரும். அது வெறி வகை. கல்லு, கட்டை, சங்கிலி என்று கண்டதையெல்லாம் கடிக்கும். குரல் கரகரக்கும். அதைக் கண்டால் எல்லாரும் ஓடித் தப்பிவிடுவோம்.

ஊமை வகைதான் நம்மை ஏமாற்றும். அந்த நாய் கடிக்க வராது. இருட்டு மூலையில் படுத்திருக்கும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், தண்ணீரை விழுங்க முடியாது. உடனே நம்ம ஆள், "பாவம், எலும்பு மாட்டிக்கிச்சு" என்று வாய்க்குள் விரலை விடுவார். எலும்பு ஒன்றும் இருக்காது. தொண்டை நரம்பு செயலிழந்திருக்கும். அந்த எச்சிலில்தான் நோய்க்கிருமி இருக்கிறது. கொழுந்து பறித்து வெடித்த விரல் என்றால் கிருமி நுழைய அந்த வெடிப்பே போதும்.

மாட்டிலும் இதே கதைதான். நாய் கடித்துச் சில வாரம், சில வேளை மாதங்கள் கழித்து, பால் மாடு தீனியை விடும். எச்சில் நூலாக வடியும். அடைத்த குரலில் ஓயாமல் கத்தும். பின்னங்கால் தள்ளாடும். வெறி வகையானால் ஆளை முட்ட வரும். "கிழங்கு சிக்கிருச்சு" என்று கையை விடாதீர்கள். மருந்தும் புகட்டாதீர்கள்.

என்ன செய்வது? ஏற்கெனவே கட்டியிருந்தால் அப்படியே விட்டு, பிள்ளைகளையும் மற்ற மாடுகளையும் தூரமாக்குங்கள். அவிழ்ந்து நின்றால் பிடிக்கப் போகாமல் பட்டியின் படலையைச் சாத்துங்கள். அரசாங்க மிருக வைத்தியருக்கும் பீ.எச்.ஐ. ஐயாவுக்கும் அறிவியுங்கள். பாலைக் கறக்க வேண்டாம், குடிக்கவும் வேண்டாம். செத்தால் இறைச்சிக்கு அறுக்க வேண்டாம்.

நாயைத் தலையில் அடித்துக் கொல்லாதீர்கள். நோயை உறுதிசெய்ய மூளை சிதையாமல் இருக்க வேண்டும். தலையை வெட்டுவது பயிற்சி பெற்றவர் வேலை. அவர் அதைப் பொலித்தீனில் கட்டி, ஐஸ் வைத்து, பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வார்.

கடி பட்டாலும், கீறல் உள்ள கையில் எச்சில் பட்டாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் பூசாதீர்கள். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாட்டின் வாயில் கையை விட்டவரும் போக வேண்டும். கடிக்கவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. நோய்க்குறி வந்தபின் காப்பாற்ற மருந்தில்லை. அதற்கு முன் போட்டால் ஊசி காப்பாற்றும்.